சுழலும்போது தள்ளாடி, 'டக் டக்' என்று ஒலிக்கும் மின்விசிறி: முதலில் ராடு, பிறகு இறக்கை

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது நடு அறை சீலிங் ஃபேனைக் கழற்றி மறுபடியும் மாட்டினார்கள். அதிலிருந்து ரெகுலேட்டரை 3-இல் வைத்தாலே தள்ளாடுகிறது, 'டக் டக்' என்று சத்தமும் வருகிறது. இறக்கையில் நாணயம் ஒட்டிப் பார்த்தேன், பயனில்லை. டவுன் ராடை இறுக்குவதா, இறக்கையைச் சரிசெய்வதா, எதை முதலில் செய்வது?

பதில்:

நாணயம் ஒட்டுவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதை முதலில் செய்ததால்தான் பயனில்லாமல் போயிருக்கிறது. ராடின் இணைப்பில் ஆட்டம் இருக்கும் வரையில் இறக்கையின் எடையை எப்படிச் சரிசெய்தாலும் அந்தச் சரி நிலைக்காது. இன்று நின்றதுபோல் தெரிந்த தள்ளாட்டம் நாளை வேறு பக்கமாக வரும். ஆகவே மேலிருந்து கீழாக வர வேண்டும்: உத்தரத்தில் உள்ள கொக்கி, ராடின் மேல் இணைப்பு, ராடும் மோட்டாரும் சேரும் கீழ் இணைப்பு, இறக்கையின் திருகுகள், இறக்கை நுனிகளின் உயரம், எல்லாவற்றுக்கும் பின்னர் எடை. வேலந்தாவளத்தில் வைண்டிங் கடை வைத்திருக்கும் எனக்கு, வெள்ளையடிப்புக்குப் பிறகு இந்தப் புகாரோடு வருபவர்கள் புதியவர்கள் அல்லர். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கோளாறு கீழ் இணைப்பில்தான் இருந்திருக்கிறது.

ஏணியில் ஏறுவதற்கு முன்னால் மின்சாரத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் மின்விசிறி பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்தால் மின்வெட்டு என்று நினைத்துக்கொண்டு இன்வெர்ட்டர் அந்த லைனுக்கு உடனே மின்சாரம் கொடுத்துவிடும். பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருப்பதும் உண்டு. அப்போது சுவிட்சை அணைத்தும் ராடுக்குள் செல்லும் கம்பியில் உயிர் இருக்கும். எனவே மெயினையும் இன்வெர்ட்டரையும் இரண்டையும் அணைத்து, மேல் கப்பை இறக்கி, அங்குள்ள கனெக்டரில் டெஸ்டர் வைத்துப் பார்த்த பின்னரே கையை வைக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் நின்று இந்த வேலையைச் செய்யக் கூடாது. இறக்கைகளைக் கழற்றிய பின்னும் மோட்டார் சில கிலோ எடை இருக்கும். அதைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும்.

இறக்கைகளைக் கழற்றும்போது, எந்த இறக்கை மோட்டாரில் எந்த இடத்தில் இருந்தது என்று 1, 2, 3 எனப் பென்சிலால் இரண்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு, மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்து, வெறும் மோட்டாரை மட்டும் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை இந்த ஒரு சோதனையைப் போலக் கோளாற்றை இரண்டாகப் பிரித்துக் காட்டுவது வேறில்லை. இறக்கை இல்லாமலும் 'டக்' ஒலி வந்தால் குறை தொங்கும் பகுதியில் இருக்கிறது, அல்லது மோட்டாருக்குள் இருக்கிறது. ஒலி அடியோடு நின்றுவிட்டால் இறக்கையின் திருகையோ ரிவெட்டையோ முதலில் சந்தேகிக்கலாம். ஆனாலும் இணைப்புகளைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் லேசாகத் தேய்ந்த இணைப்பு இறக்கையின் இழுப்பு இருந்தால்தான் சத்தம் போடும்.

இனி தொங்கும் பகுதி. இதன் அமைப்பைப் புரிந்துகொண்டால் எதை இறுக்குவது, எதை இறுக்கக் கூடாது என்பது தானாகவே விளங்கும். ராடின் மேல்முனையில் 'யு' வடிவில் ஒரு ஷாக்கிள் இருக்கும். அதன் இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு ரப்பர் உருளை. கைகளையும் உருளையையும் ஊடுருவி ஒரு போல்ட் செல்லும். அந்த உருளையின் பள்ளம்தான் கொக்கியின்மேல் உட்கார்ந்திருக்கிறது. கீழ்முனையில் ராடு மோட்டாரின் கழுத்தோடு சேர்ந்து, குறுக்கே ஒரு போல்ட், அதற்கு ஒரு நட், நட்டுக்கு அப்பால் போல்டின் துளையில் ஒரு ஸ்பிளிட் பின் என்று பூட்டப்பட்டிருக்கும். சில மின்விசிறிகளில் ராடை முதலில் மரையில் சுற்றி ஏற்றி, அதன்பின் போல்ட் போட்டு, பக்கவாட்டில் ஒரு சிறு திருகும் கொடுத்திருப்பார்கள்.

மேல் இணைப்பு விறைப்பாக இருக்கக் கூடாது. கீழ் இணைப்பில் இம்மியளவும் ஆட்டம் இருக்கக் கூடாது. மேலே ரப்பர் உருளையில் மின்விசிறி ஊஞ்சலைப் போலத் தொங்கினால்தான், ராடு தன் எடையாலேயே செங்குத்தாக நின்றுகொள்ளும். 'ஆடுகிறதே' என்று மேல் போல்டை முழு பலத்தோடு இறுக்கி ஷாக்கிளின் கைகளை ரப்பரோடு நெரித்துவிட்டால், ராடு இறுக்கிய கோணத்திலேயே சற்றுச் சாய்ந்து நிற்கும்; தள்ளாட்டம் கூடுமே தவிரக் குறையாது. கப்பை மேலே உத்தரத்தோடு முட்டவைத்துத் திருகினாலும் இதே விளைவுதான். கீழே நிலைமை நேர் எதிரானது. அங்கே மோட்டாரும் ராடும் ஒரே துண்டு இரும்பைப்போல் இருக்க வேண்டும். அங்கு அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும், இறக்கை நுனி அந்த இணைப்பின் நீளத்தைவிடப் பத்து மடங்கு தொலைவில் இருப்பதால், நுனியில் அது பல மில்லிமீட்டராகத் தெரியும். சுற்றுக்கு ஒரு முறை போல்ட் துளையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குத் தாவும். நீங்கள் கேட்கும் 'டக்' அதுவாகவே இருக்கக்கூடும்.

இதைக் கையால் உணரலாம். மின்சாரம் இல்லாதபோது ஒரு கையால் ராடைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையின் ஒரு விரலை ராடும் கழுத்தும் சேரும் இடத்தில் வையுங்கள். கீழே நிற்பவர் மோட்டாரின் உடலை லேசாக மேலே தூக்கியும் பக்கத்துக்குத் தள்ளியும் பார்க்கட்டும். அந்த இடத்தில் ராடு நிற்கக் கழுத்து மட்டும் அசைந்தால் விரலுக்கு ஒரு சிறு தட்டல் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்தையும் விரல் சொல்லிவிடும். மேல் இணைப்பிலும் இவ்வாறே பார்க்க வேண்டும். அங்கே அசைவு இருப்பது இயல்பு. இரும்பு இரும்போடு மோதும் ஒலிதான் கூடாது. ரப்பர் உருளை காய்ந்து வெடித்து, கொக்கி அதை அறுத்துக்கொண்டு போல்டைத் தொட்டுவிட்டால் அந்த ஒலி வரும். புதிய உருளை சில்லறைக் காசுக்கு எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும்.

ஓட்டு வீட்டில் இன்னும் ஒன்று உண்டு. கான்கிரீட் தளத்தில் கொக்கி கம்பியோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். உங்கள் வீட்டில் அது மர உத்தரத்தைத் துளைத்துச் சென்று மேற்பக்கம் நட்டும் வாஷரும் போட்டு நிற்கும், அல்லது உத்தரத்தைக் கவ்விய பட்டைக் கிளாம்பில் இருக்கும். மார்கழி முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் வறண்ட கீழைக்காற்றில் மரம் ஈரம் இழந்து சற்றுச் சுருங்குகிறது. ஐப்பசி ஈரத்தில் இறுகியிருந்த நட் தை மாசியில் ஒரு சுற்றுத் தளர்ந்திருப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். கொக்கி உத்தரத்தில் அசையாமல் நிற்க வேண்டும். உத்தரத்தின் மேற்பக்கம் ஏறிப் பார்த்து, நட்டுக்கு அடியில் அகலமான வாஷர் இருக்கிறதா, இரண்டாவது நட் போட்டுப் பூட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். உத்தரம் ஒலியைக் கடத்துவதால், அங்கே எழும் 'டக்' ஒலி சில வேளை அடுத்த அறையிலிருந்து வருவதாகவும் தோன்றும். கரையான் அரித்த உத்தரமாக இருந்தால் இந்தப் பதில் முழுவதையும் ஓரமாக வைத்துவிட்டுத் தச்சரை அழையுங்கள்.

கீழ் இணைப்பை இறுக்கும் முறைக்கு வருகிறேன். முதலில் மேல் கப்புக்குள் உள்ள கனெக்டரிலிருந்து கம்பிகளை விடுவித்துவிட வேண்டும். கம்பி ராடின் உள்ளே ஓடுகிறது. கனெக்டரில் மாட்டியபடியே மோட்டாரையோ ராடையோ திருகினால் கம்பி முறுக்கிக்கொண்டு, கழுத்தின் கூரான விளிம்பில் உறை கிழியும். இன்று விசிறி ஓடும், ஆனால் பின்னொரு நாள் ராடிலேயே மின்சாரம் பாயும். அதன்பின் கீழ்க் கப்பை ராடின்மேல் ஏற்றி வைத்துக்கொண்டு ஸ்பிளிட் பின்னைக் கழற்றி, நட்டை எடுத்து, போல்டை உருவிப் பாருங்கள். போல்டின் நடுவில் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறதா, ராடின் துளை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவமாக இழுபட்டிருக்கிறதா என்பவைதாம் பார்க்க வேண்டியவை. பள்ளம் விழுந்த போல்டை நட்டைத் திருகி எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகாது. பழைய போல்டைக் கடைக்கு எடுத்துச் சென்று அதே தடிப்பிலும் நீளத்திலும் புதியதை வாங்க வேண்டும். துளை நீண்டுவிட்டிருந்தால் ராடையே மாற்றுவதுதான் வழி. துளையில் வெல்டிங் வைத்து மீண்டும் துளையிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய குழாயில் அந்தச் சூடு பட்ட இடம் வலுவிழக்கும் என்பதால் நான் அதைச் செய்துகொடுப்பதில்லை. ஓட்டு வீட்டின் உயரத்துக்காக நீளமான ராடு தேவைப்படும்போது தண்ணீர்க் குழாயை வெட்டித் துளையிட்டு மாட்டுவதும் தவறு. மின்விசிறிக்கென்றே செய்யப்பட்ட நீள ராடுகள் கோயம்புத்தூரிலும் பாலக்காட்டிலும் கிடைக்கின்றன.

மாட்டும்போது ராடு மரை உள்ளதாக இருந்தால் முடிந்தவரை முழுவதும் ஏற்றி, துளைகள் நேராக வரும் இடத்தில் போல்டைச் செருக வேண்டும். நட்டை ஸ்பேனரால் இறுக்கியபின் புதிய ஸ்பிளிட் பின்னைப் போட்டு, அதன் இரு கால்களையும் எதிரெதிர்ப் பக்கமாக மடக்கிவிடுங்கள். பக்கத் திருகு இருந்தால் அதை அதற்குப் பிறகே இறுக்க வேண்டும். அது கழுத்தை ஒரு பக்கமாக நெருக்கி மிச்சமுள்ள இம்மியளவு ஆட்டத்தையும் எடுத்துவிடும். அதன்மேல் பூட்டு நட் இருந்தால் அதையும் இறுக்குங்கள். திருகை முதலில் இறுக்கிவிட்டுப் போல்டைத் தட்டிச் செருகினால் இரண்டும் தத்தம் வேலையைச் செய்யா.

ஸ்பிளிட் பின்னைப் பற்றி ஒரு வார்த்தை அதிகமாகவே சொல்ல வேண்டும். கழற்றி மாட்டும்போது பழைய பின் ஒடிந்துபோவதும், அதற்குப் பதிலாக ஒரு ஆணியையோ கட்டுக்கம்பியையோ செருகிவிடுவதும் வெள்ளையடிப்பு வேலையில் சாதாரணம். நம் ஊர் மின்விசிறி கீழிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறது. ஓடும்போது எதிர்விசை கழுத்தை மரையில் இறுக்கும் திசையில்தான் இருக்கும். ஆனால் பேரிங் திடீரென்று இறுகிப் பிடித்துக்கொண்டால், சுழன்றுகொண்டிருந்த உடலின் வேகம் முழுவதும் கழுத்தை அவிழ்க்கும் திசையில் திருகும். அப்போது போல்டும் பின்னும் இல்லையென்றால் மின்விசிறி தன்னையே கழற்றிக்கொண்டு கீழே இறங்கிவிடும். மரை இறுக்கமாக இருக்கிறது என்பதை நம்பிப் பின்னை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இரண்டு கப்புகளையும் மாட்டும்போது மேலே உத்தரத்தோடும் கீழே மோட்டாரோடும் ஒட்டாமல் நான்கைந்து மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். கீழ்க் கப் வழுகி இறங்கிச் சுழலும் உடலைத் தொட்டால் சுற்றுக்கு ஒரு முறை வரும் உரசல், பார்க்கிறவருக்குப் பேரிங் கெட்டதுபோலவே இருக்கும். கப்பைப் பிடிக்கும் அந்த ஒரு திருகுக்காக மோட்டாரையே கழற்றிக் கடைக்குத் தூக்கி வந்தவர்களும் உண்டு.

இனி இறக்கை. முதலில் துணியால் துடைத்துவிடுங்கள், முக்கியமாக மேற்பக்கத்தை. அடுக்களைப் புகையும் தூசியும் சேர்ந்து படியும் பிசுக்கு மூன்றிலும் ஒரே அளவாகப் படிவதில்லை. பிறகு ஒவ்வொன்றையும் அதன் இரும்புத் தண்டைப் பிடித்துக்கொண்டு நுனியை மெல்லத் திருகிப் பாருங்கள். தண்டும் தகடும் சேரும் ரிவெட் தளர்ந்திருந்தால் 'கிடுக்' என்று அசையும். தளர்ந்த ரிவெட்டைத் திருப்புளியால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த இறக்கையை மட்டும் மாற்றாமல் மூன்றையும் ஒரு செட்டாக மாற்ற வேண்டும், ஏனெனில் அவை எடை பார்த்துச் சேர்த்து விற்கப்படுபவை. மோட்டாரில் மாட்டும் திருகுகள் ஒவ்வொன்றுக்கும் ஸ்பிரிங் வாஷர் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளையடித்தவர்கள் கழற்றித் தரையில் வைத்திருந்தால் ஒன்றிரண்டு கூட்டிப் பெருக்கும்போது போயிருக்கும். வாஷர் இல்லாத திருகு இறுக்கிய அன்று நன்றாகத்தான் இருக்கும். சில நாள் அதிர்வில் தளர்ந்து 'டக்' என்று தொடங்கும்.

திருகுகளை இறுக்கியபின் நுனிகளின் உயரத்தைப் பார்க்க வேண்டும். தளம் போட்ட வீட்டில் கூரையிலிருந்து அளந்துவிடலாம். ஓட்டுக் கூரை சரிந்திருப்பதால் உங்களுக்கு அது பயன்படாது. ஒரு ஒட்டடைக் கம்பை அலமாரியோடோ நிலைக்கதவோடோ அசையாமல் கட்டி, அதன் தலையில் ஒரு தென்னை ஈர்க்கைச் செருகி, முதல் இறக்கையின் நுனிக்கு அடிப்பக்கம் தொட்டும் தொடாமலும் நிற்குமாறு வையுங்கள். மோட்டாரின் உடலைப் பிடித்து மெல்லச் சுழற்றி, இரண்டாவது, மூன்றாவது இறக்கைகளையும் அதே ஈர்க்கின்மேல் கொண்டுவாருங்கள். இறக்கையைப் பிடித்துச் சுழற்றக் கூடாது, பிடித்த கை அதை வளைத்துவிடும். மூன்று நுனிகளும் 3 மில்லிமீட்டருக்குள் ஒத்திருந்தால் போதும். நுனியின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் தனித்தனியே பார்ப்பது அவசியம். ஒரு விளிம்பு ஒத்து மறு விளிம்பு மாறினால் அந்த இறக்கையின் சாய்வு மாறியிருக்கிறது என்று பொருள். அது காற்றை மற்ற இரண்டைவிடக் கூடவோ குறையவோ தள்ளும், எடை சரியாக இருந்தாலும் மின்விசிறியைச் சாய்க்கும். நுனிக்கு நுனி உள்ள தூரத்தையும் டேப்பால் அளந்துவிடுங்கள். 1200 மில்லிமீட்டர் மின்விசிறியில் அது ஏறக்குறைய 1040 மில்லிமீட்டர் வரும். அந்த எண் முக்கியமல்ல; மூன்று தூரங்களும் தம்முள் ஒத்திருப்பதுதான் முக்கியம்.

வேறுபாடு இருந்தால் தண்டின் அடிப்பகுதியில், மோட்டாருக்கு அருகில், இரண்டு கையாலும் பிடித்துச் சிறிது சிறிதாக வளைத்துச் சரிசெய்யலாம். தகட்டின் நடுவில் வளைத்தால் அலுமினியம் மடிந்து கோடு விழும், அதன்பின் அது நேராகாது. இறக்கையைக் கழற்றி அடுக்கி வைத்து அதன்மேல் பெயிண்ட் டப்பாவை ஏற்றும் பழக்கத்தைப் பார்த்திருப்பதால், உங்கள் வீட்டிலும் ஒன்று வளைந்திருந்தால் எனக்கு வியப்பாக இராது.

இவ்வளவும் ஆனபின் மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். தொடங்கும்போதும் நிற்கும்போதும் ஒரு சில சுற்று ஊஞ்சலாடுவது குறையன்று. தொங்கும் எந்தப் பொருளும் அந்த மெதுவான வேகத்தைக் கடக்கும்போது ஆடும், நீளமான ராடில் அது கண்ணுக்கு அதிகமாகத் தெரியும். வேகம் நிலைத்த பின்னும் தள்ளாடினால்தான் எடைக்குப் போக வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் 3 முதல் 5 கிராம் இருக்கும். 4 கிராம் எடை, நடுவிலிருந்து அரை மீட்டர் தள்ளி, நிமிடத்துக்கு 350 சுற்றில் சுழலும்போது வெளிப்பக்கம் இழுக்கும் விசை ஏறத்தாழ 275 கிராம் எடைக்குச் சமம். ஒரு டம்ளர் தண்ணீரின் கனத்தை மோட்டாரின் ஒரு பக்கத்தில் கட்டி இழுப்பதுபோல. வேகத்தைப் பாதியாக்கினால் அந்த இழுப்பு கால் பங்காகிவிடும். எனவே சோதனையை எப்போதும் ஒரே வேகத்தில், முழு வேகத்தில் செய்தால்தான் ஒப்பிட முடியும்.

முதல் இறக்கையின் மேற்பக்கம், தண்டுக்கும் நுனிக்கும் நடுவில் நாணயத்தை அகலமான டேப்பால் நன்கு ஒட்டி ஓடவிடுங்கள். கீழே யாரும் நிற்க வேண்டாம். பிறகு அதே இடத்தில் இரண்டாவதற்கு, பிறகு மூன்றாவதற்கு. மூன்றில் எதில் ஒட்டியபோது ஆட்டம் குறைந்ததோ அதுதான் எடை குறைந்த இறக்கை. அதிலேயே நாணயத்தை ஒரு சாண் உள்ளே, ஒரு சாண் வெளியே நகர்த்திப் பார்த்தால் ஆட்டம் மிகக் குறையும் இடம் தெரியும். இரண்டு இறக்கைகளில் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தால், குறை அவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அப்போது இரண்டிலும் ஒரே தூரத்தில் ஒரே எடையை வைக்க வேண்டும். இடம் தெரிந்தபின் நாணயத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். வேனிலில் டேப் இளகிப் பறந்துவிடும். டயர் கடைகளில் சக்கரத்தைச் சமன்செய்யப் பின்பக்கம் பசையோடு விற்கும் 5 கிராம் துண்டு எடைகள் இதற்கு மிகவும் பொருத்தமானவை. தேவையானால் கத்தரித்து ஒட்டலாம். ஒட்டும் முன் அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்.

இந்த வரிசையின் பயனை ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன். சித்தூர் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில், இரண்டடி ராடில் தொங்கிய 1200 மில்லிமீட்டர் மின்விசிறி. வீட்டுக்காரர் ஏற்கெனவே இரண்டு இறக்கைகளில் மொத்தம் நான்கு நாணயம் ஒட்டியிருந்தார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் மோட்டாரை ஓடவிட்டபோதும் ஒலி வந்தது. விரல் வைத்துப் பார்த்ததில் கீழ் இணைப்பில் தட்டல். உருவிய போல்டின் நடுவில் நகம் பதியும் அளவுக்குப் பள்ளம், ஸ்பிளிட் பின் இருந்த இடத்தில் ஒரு ஆணி. போல்டையும் பின்னையும் மாற்றியதும் வெறும் மோட்டாரில் ஒலி நின்றது. இறக்கைகளை மாட்டி ஈர்க்கு வைத்துப் பார்த்தபோது இரண்டு நுனிகள் ஒத்திருக்க, மூன்றாவது 14 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. தண்டில் மூன்று முறை வளைத்து அதை 2 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். அதன்பின் மிஞ்சியது சிறு ஆட்டம்தான். ஒரே ஒரு 5 கிராம் துண்டைப் பாதியாக வெட்டி முதல் இறக்கையில் ஒட்டியதும் அதுவும் அடங்கிவிட்டது. நான்கு நாணயமும் பழைய போல்டின் ஆட்டத்தோடும் வளைந்த இறக்கையோடும் போராடிக்கொண்டிருந்தன.

எல்லாம் செய்தபின்னும் இறக்கை இல்லாத மோட்டார் தனியே நடுங்கினால், அல்லது கையால் சுழற்றும்போது மணலை அரைப்பதுபோல் கரகரத்தால், அது வீட்டில் முடியும் வேலையன்று. ஷாஃப்ட் வளைந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம். மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். மேலும் கீழுமாக உள்ள இரண்டு பேரிங்குகளையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். மெதுவான வேகத்தில் மட்டும் 'உம்' என்று ரீங்காரம் வந்தால் அது ரெகுலேட்டரின் சமாச்சாரம், தள்ளாட்டத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

சரியாகி ஓடத் தொடங்கிய பின், கீழ் நட்டின்மேலும் ராடின்மேலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்தும், பின்பு கோடையின் நடுவிலும் மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கீழ்க் கப்பைத் தூக்கிப் பாருங்கள். கோடு நேராக நின்றால் நட் நகரவில்லை. முறிந்து இரண்டாகத் தெரிந்தால் நட் திரும்பியிருக்கிறது; பின்னைக் கழற்றி நட்டை மீண்டும் இறுக்கி, வேறொரு புதிய பின்னை மாட்டுங்கள், ஒரு முறை மடக்கி நிமிர்த்திய பழைய பின் இரண்டாம் முறை ஒடிந்துவிடும்.